லாக்டிக் அமிலமே இல்லாத பாலில் 0.14 சதவீத லாக்டிக் அமிலம்

கறந்து கால் மணி நேரம்கூட ஆகாத, நுரை அடங்காத பசும்பாலைக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், ‘அமிலத்தன்மை 0.14 சதவீதம், லாக்டிக் அமிலமாக’ என்று ரிப்போர்ட் வரும். லாக்டிக் அமிலம் என்பது பால் புளிக்கும்போது பாக்டீரியா உண்டாக்கும் அமிலம். இந்தப் பாலோ இன்னும் புளிக்கத் தொடங்கவே இல்லை. அதில் லாக்டிக் அமிலம் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனாலும் சோதித்தவர் தப்பு செய்யவில்லை, ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை.

புளியில் கதை தலைகீழ். புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம், அது அதில் ஏராளமாகவே இருக்கிறது. அதே சோதனையைப் புளிக்கரைசலில் செய்து, விடையை ‘டார்டாரிக் அமிலமாக’ எழுதினால், உள்ளே இருக்கும் டார்டாரிக் அமிலத்தில் ஒரு பங்கு கணக்கிலேயே வராது.

ஒரு பக்கம் இல்லாததை இருப்பதாகச் சொல்கிறது. இன்னொரு பக்கம் இருப்பதை விட்டுவிடுகிறது. இப்படிப்பட்ட ஒரு சோதனையை நம்பித்தான் குளிரூட்டும் நிலையத்தில் பால் கேன் உள்ளே போவதா திரும்பிப் போவதா என்று தீர்மானிக்கிறார்கள். புளி பேஸ்ட் தயாரிப்பவர்கள் ஒரு பேச்சும் அடுத்த பேச்சும் ஒரே புளிப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதை வைத்துத்தான். அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த முரண்பாடு தானே விலகிவிடும்.

சோதனை எளிமையானது. பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்கள் செய்முறைத் தேர்வில் கைநடுங்கச் செய்த அதே டைட்ரேஷன்தான். பத்து மில்லி பாலைப் பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக் குடுவையிலோ பீங்கான் கிண்ணத்திலோ விடுவார்கள். கொதிக்க வைத்து ஆறவிட்ட காய்ச்சி வடித்த நீரை அதே அளவு சேர்ப்பார்கள். பிறகு ஃபினால்ஃப்தலின் கரைசல் ஒரு மில்லி. பியூரெட்டில் எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், பத்தில் ஒரு நார்மல் வலிமையில் நிற்கும். லிட்டருக்கு 4 கிராம் எரிசோடா கரைத்தால் அந்த வலிமை வரும். குழாயைத் திருகித் திருகிச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ரோஜா நிறம் காட்டி மறையும். மறையாமல் பால் முழுவதும் மெல்லிய இளஞ்சிவப்பு பரவி நிற்கும் கட்டத்தில் நிறுத்திவிட்டு, எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நல்ல பசும்பாலுக்கு ஒன்றரை மில்லி அளவில் இறங்கியிருக்கும். கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 90. அதன் ஒரு மூலக்கூறு, காரத்தின் ஒரு மூலக்கூறோடு சமன்படும். ஆகவே பத்தில் ஒரு நார்மல் காரம் ஒரு மில்லி செலவானால், அது 0.009 கிராம் லாக்டிக் அமிலத்துக்குச் சமம். ஒன்றரை மில்லிக்கு 0.0135 கிராம். இது பத்து மில்லி பாலுக்கு. நூறு மில்லிக்குப் பெருக்கினால் 0.135. பியூரெட் காட்டும் மில்லியை 0.09 ஆல் பெருக்கினால் விடை என்று பால் சோதிப்பவர்கள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள்.

கணக்கில் நுழையும் அந்த 90 மனிதர்கள் தேர்ந்தெடுத்த எண். பியூரெட்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பால் இவ்வளவு காரத்தை விழுங்கியது. விழுங்கியது எந்தப் பொருள் என்று அதற்குத் தெரியாது. ‘விழுங்கியது முழுக்க லாக்டிக் அமிலமாக இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும்’ என்று நாம் மாற்றிச் சொல்கிறோம், அவ்வளவுதான். ஒரே நகையைப் பவுனிலும் சொல்லலாம், கிராமிலும் சொல்லலாம் என்பது போன்ற விஷயம் இது. பிரான்சில் டோர்னிக் என்பவர் இந்தக் கணக்கே வேண்டாம் என்று காரத்தை ஒன்பதில் ஒரு நார்மல் வலிமையில் தயாரித்தார். அந்த வலிமையில் ஒரு மில்லி காரத்துக்குச் சரியாக 0.01 கிராம் லாக்டிக் அமிலம். பத்து மில்லி பாலுக்கு 1.4 மில்லி இறங்கினால் 14 டிகிரி டோர்னிக், அதாவது 0.14 சதவீதம். ஜெர்மானியர்கள் சோக்ஸ்லெட், ஹெங்கெல் இருவர் பெயரால் வேறொரு டிகிரி வைத்துக்கொண்டார்கள். அதில் அமிலத்தின் பெயரே வராது, செலவான காரத்தின் அளவு மட்டும்தான். யோசித்துப் பார்த்தால் அதுதான் நேர்மையான முறை. ஆனால் நம்மூரில் லாக்டிக் அமில சதவீதம்தான் நிலைத்தது.

சரி, புளிக்காத பாலில் காரத்தை விழுங்குவது யார்? முதல் ஆள் கேசின் என்னும் பால் புரதம். பாலுக்கு வெண்மை தருவதில் பெரும் பங்கு வகிக்கும் இந்தப் புரதத்தின் மேல் அமிலக் குழுக்கள் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்து பாலில் கரைந்திருக்கும் பாஸ்பேட் உப்புகள். இவை இரண்டும்தான் பெரும்பங்கு. மோர்ப் புரதங்களும் சிட்ரேட்டும் கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும். மடியில் இருக்கும்போது பாலில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவும் தன் பங்குக்குக் காரத்தைத் தின்னும். கறந்து வைத்த பால் ஆறும்போது அந்த வாயு கொஞ்சம் வெளியேறிவிடுவதால், கறந்தவுடன் பார்த்த அளவைவிட அரை மணி கழித்துப் பார்த்த அளவு சற்றுக் குறைவதும் உண்டு. பாலை வைத்திருக்க வைத்திருக்கப் புளிப்பு ஏறும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முதல் அரை மணி அந்த விதிக்கு விலக்கு.

இதை இயற்கை அமிலத்தன்மை என்பார்கள். பசும்பாலில் 0.12 முதல் 0.14 வரை, எருமைப்பாலில் 0.14 முதல் 0.16 வரை இது இருப்பது வழக்கம். எருமைப்பாலில் புரதமும் தாது உப்புகளும் அதிகம், அதனால் எண்ணும் அதிகம். இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. சத்து அதிகமுள்ள பால், கெட்டுக்கொண்டிருக்கும் பாலைப் போலத் தோற்றம் தரலாம். 0.16 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, ‘பசும்பால்’ என்று எழுதியிருந்தால் புருவம் சுருங்கும், ‘எருமைப்பால்’ என்றிருந்தால் சுருங்காது. கன்று ஈன்ற முதல் நாட்களின் சீம்பாலில் புரதம் கொட்டிக் கிடப்பதால் அமிலத்தன்மை சாதாரணப் பாலைப் போல் இருமடங்குகூடக் காட்டும். அதில் பாக்டீரியாவுக்கு எந்தப் பங்கும் இல்லை.

இயற்கையான அளவுக்கு மேல் ஏறுவதுதான் உண்மையான புளிப்பு, உண்மையான லாக்டிக் அமிலம். பாத்திரத்திலிருந்தும் மடியின் தோலிலிருந்தும் கையிலிருந்தும் வந்து சேர்ந்த பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும். ஒரு லாக்டோஸ் மூலக்கூறிலிருந்து நான்கு லாக்டிக் அமில மூலக்கூறுகள் கிடைக்கும். ஆனால் அது உடனே தெரியாது. பாக்டீரியா பெருகிப் பெருகி ஒரு மில்லியில் லட்சங்களைத் தாண்டிக் கோடியை நெருங்கும்போதுதான் பியூரெட்டில் வித்தியாசம் தென்படும். நம்மூர் வெயிலில் அந்த நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும்.

0.20 சதவீதத்தைத் தாண்டும்போது பால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், முகர்ந்தாலும் பலருக்குத் தெரியாது. அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும். காலையில் காபிக்குப் பால் வைத்துவிட்டு ‘ஐயோ, திரிஞ்சு போச்சே’ என்று கையைப் பிசையும்போது பாலின் அளவு அநேகமாக இந்த எல்லையைச் சுற்றித்தான் இருந்திருக்கும். சூடு படாமலே கேசின் கட்டிப்பட வேண்டுமானால் அமிலம் இன்னும் மூன்று மடங்கு ஏற வேண்டும். அப்போது அதற்குப் பெயர் தயிர். வீட்டுத் தயிர் 0.7 முதல் 0.9 வரை இருந்தால் சாப்பிட நன்றாக இருக்கும். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் மோர்க்குழம்புக்குத்தான் லாயக்கு. அதற்குள்ளும் பாலில் இருந்த லாக்டோஸில் ஆறில் ஒரு பங்குதான் செலவாகியிருக்கும். தன் அமிலமே தன்னைத் தடுக்கும் நிலை வந்ததும் பாக்டீரியா ஓய்ந்துவிடுகிறது.

ஒரு குளிரூட்டும் நிலையத்தின் காலை நேரத்தைக் கற்பனை செய்துகொண்டு, மூன்று கேன் பசும்பாலை வரிசையாகச் சோதித்துப் பார்க்கலாம். முதல் கேனுக்கு 1.5 மில்லி. அதாவது 0.135. கேள்வி இல்லை, உள்ளே போகலாம்.

இரண்டாவது கேனுக்கு 2.2 மில்லி. பெருக்கினால் 0.198. இயற்கை அமிலம் 0.135 என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 0.06 சதவீதம் பாக்டீரியா செய்த வேலை. கேனைக் கொண்டுவந்தவரிடம் சோதிப்பவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: “ராத்திரி கறந்த பாலைக் காலைப் பாலோட கலந்துட்டீங்களாண்ணே?” உறுதிப்படுத்த, அந்தப் பாலில் ஐந்து மில்லியைச் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள். குழாயைச் சாய்த்தால் சுவரில் சின்னச் சின்னத் திப்பிகள் ஒட்டியிருந்தால் முடிந்தது. இந்தப் பாலைப் பாஸ்டரைசரில் விட்டால் சூடான உலோகத் தட்டுகளில் கட்டிப்பிடித்து இயந்திரத்தையே அடைக்கும். மற்ற நூறு கேன் பாலும் அதோடு மாட்டிக்கொள்ளும். பால் நிலையங்கள் பெரும்பாலும் 0.15 முதல் 0.17 வரை எங்கேயாவது ஒரு கோடு கிழித்துக்கொண்டு அதற்கு மேல் மறுப்பது இதனால்தான்.

மூன்றாவது கேன்தான் சுவாரஸ்யமானது. 1.0 மில்லியிலேயே நிறம் நின்றுவிட்டது. 0.09 சதவீதம். புளிப்பு குறைவு, அப்படியானால் ரொம்ப நல்ல பால் என்று தோன்றும். அனுபவசாலி அப்படி நினைக்க மாட்டார். கேசினும் பாஸ்பேட்டும் சரியாக இருக்கும் பால் இவ்வளவு கீழே இறங்க முடியாது. ஒன்று, தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டால் அது தெரிந்துவிடும். அல்லது மாட்டுக்கு மடிநோய் இருக்கலாம். மடிநோயில் ரத்தத்தின் உப்புகள் பாலில் கசிந்து வருவதால் பால் காரப்பக்கம் சாயும். மூன்றாவது வாய்ப்பு, யாரோ சமையல் சோடா போட்டிருக்கிறார்கள். புளிக்கத் தொடங்கிய பாலில் சோடா போட்டால் அமிலம் சமன்பட்டு, கொதிக்க வைத்தாலும் திரியாது. கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் இயற்கை அளவுக்கும் கீழே போய் இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாலில் இப்படி எதையும் கலந்து புளிப்பை மறைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. கண்டுபிடிக்கத் தனிச் சோதனை உண்டு. ஐந்து மில்லி பாலில் ஐந்து மில்லி ஆல்கஹாலும் சில சொட்டு ரோசாலிக் அமிலமும் விட்டால், சுத்தமான பால் பழுப்பு நிறம் காட்டும், சோடா கலந்த பால் ரோஜாச் சிவப்பாகும். சரியான அளவு பார்த்துப் போட்டால் டைட்ரேஷன் எண் 0.135 என்றே வரலாம் என்பதால் இந்தத் தனிச் சோதனை தேவைப்படுகிறது. அமிலம் உருவாகி, பிறகு சமன்பட்ட பாலையும், அமிலமே உருவாகாத பாலையும் பியூரெட்டால் பிரித்தறிய முடியாது. மறுபடியும் அதே விஷயம்தான். அதற்குத் தெரிந்தது எவ்வளவு காரம் செலவானது என்பது மட்டுமே.

எந்த எண்ணும் அதை எடுக்கும் கையைப் பொறுத்தது. இந்தச் சோதனையில் கை தவறும் இடங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று நேரடியாகப் பால் கொடுப்பவரின் பையில் கைவைக்கக்கூடியது. எரிசோடா கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஈர்த்துக்கொள்ளும். மூடாத பாட்டிலில் வைத்திருந்தால் நாளாக நாளாக அதன் வலிமை குறையும். பாட்டிலின் மேல் லேபிள் மட்டும் பழையபடியே இருக்கும். வலிமை பத்துக்கு ஒன்பதாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 0.16 சதவீதம் உள்ள எருமைப்பாலுக்குச் சரியான காரம் 1.78 மில்லி செலவாகும். வலிமை குறைந்த காரம் 1.98 மில்லி செலவாகும். பெருக்கினால் 0.178. கோடு 0.17இல் இருந்தால், நல்ல பால் திரும்பிப் போகிறது. காரம் நீர்த்துப் போனால் பால் புளித்ததாகத் தெரியும், தவறு எப்போதும் பால்காரருக்கு எதிராகவே விழும். ஆக்சாலிக் அமிலம் போன்ற நிலையான பொருளை லிட்டருக்கு 6.3 கிராம் வீதம் துல்லியமாகக் கரைத்து, அதற்கு எதிராகக் காரத்தை அவ்வப்போது சோதித்துக்கொள்வது இதனால்தான் கட்டாயம். பத்து மில்லி ஆக்சாலிக் கரைசலுக்குப் பத்து மில்லி காரம் இறங்கினால் சரி. பதினொன்று இறங்கினால் பாட்டிலைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

அடுத்தது கண். ஃபினால்ஃப்தலினை 1871இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் தயாரித்தார். அது நடுநிலையான ஏழில் நிறம் மாறுவதில்லை, பி.எச். எட்டைத் தாண்டிய பிறகுதான் மெல்லச் சிவக்கும். வெறும் தண்ணீரில் அந்த மாற்றம் ஒரே சொட்டில் பளிச்சென்று தெரியும். வெள்ளைப் பாலில், புரதமும் பாஸ்பேட்டும் இழுத்துப் பிடிப்பதால், வெளிறிய ரோஜாவிலிருந்து அடர் ரோஜா வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். ஒருவர் முதல் சாயலிலேயே நிறுத்துவார், இன்னொருவர் இன்னும் மூன்று சொட்டு விட்டுவிட்டு நிறுத்துவார். இந்திய தர நிர்ணயத்தின் பால் சோதனை முறை இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு பாலும் நீரும் எடுத்து, ரோசனிலின் அசிடேட் என்ற சிவப்புச் சாயத்தைத் துளியளவு கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். சோதனைக் கிண்ணத்தின் நிறம் அதைத் தொடும்போது நிறுத்த வேண்டும். யார் செய்தாலும் ஒரே இடத்தில் நிற்பார்கள்.

வேகமும் முக்கியம். நிதானமாகச் செய்தால் துல்லியமாக வரும் என்பது இங்கே பொய்க்கிறது. காரம் ஏற ஏறப் பாலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகப் படியத் தொடங்கும், அப்படிப் படியும்போது புதிதாக அமிலம் வெளிப்படும். வந்த ரோஜா நிறம் கண்ணெதிரே வெளுத்துப் போவது இதனால்தான். ‘இன்னும் ஆகலை போல’ என்று மறுபடி சொட்டு விட்டுக்கொண்டே இருந்தால் எண் ஏறிக்கொண்டே போகும். தயங்காமல் விட்டு, நிறம் கொஞ்ச நேரம் நின்றதும் முடித்துவிட வேண்டும். சேர்க்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. தாராளமாக ஊற்றி நீர்க்கச் செய்தால் இதே கால்சியம் பாஸ்பேட் படிவது குறைந்து, எண் கீழே இறங்கும். ஒரே பால், ஒரே காரம், தண்ணீர் மட்டும் மாறினாலே விடை மாறுகிறது.

பாலுக்கு இந்தச் சோதனை சொல்லாமல் விடும் செய்தி ஒன்றும் உண்டு. கறந்த சிறிது நேரத்தில் நான்கு டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டால் புளிக்க வைக்கும் பாக்டீரியா தூங்கிவிடும். ஆனால் குளிரிலேயே வளரும் வேறு வகைகள் விழித்திருக்கும். அவை சர்க்கரையை விட்டுவிட்டுப் புரதத்தையும் கொழுப்பையும் தின்னும். பால் கசக்கும், சிக்கு வாடை அடிக்கும், அமிலத்தன்மையோ 0.14ஐ விட்டு நகர்ந்திருக்காது. கேன் காலத்துக்காக உருவான சோதனையைக் குளிர்பதனத் தொட்டிக் காலத்தில் மட்டுமே நம்பினால் ஏமாற வேண்டியிருக்கும்.

இனி புளி. பாலின் அமிலத்தையும் புளியின் அமிலத்தையும் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஒரே ஆள். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1769இல் டார்டாரிக் அமிலத்தையும் 1780இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தையும் தனியாக்கினார். டார்டாரிக்கை அவர் எடுத்தது திராட்சை மதுப் பீப்பாயில் படியும் உப்பிலிருந்து, புளியிலிருந்து அல்ல. புளியங்காய் பழமாகும்போது சர்க்கரை ஏறும். மற்றப் பல பழங்களில் அப்போது அமிலம் குறைந்துவிடும். புளியில் டார்டாரிக் அமிலம் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால்தான் பழுத்த பிறகும் புளி புளியாகவே இருக்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையாக இருந்தும் அதை நாக்கு உணர்வதில்லை.

சோதனைக்குக் கொட்டையும் நாரும் ஓடும் நீக்கிய புளி பத்து கிராம். வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, சக்கையை மறுபடி மறுபடி கரைத்து, எல்லாவற்றையும் சேர்த்து 250 மில்லி ஆக்க வேண்டும். சமையலறையில் இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் எடுப்பது போலவேதான். பச்சைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் அமிலத்தில் ஒரு பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். அந்த 250 மில்லியிலிருந்து பத்து மில்லி எடுத்துக் காரத்தால் டைட்ரேட் செய்யும்போது 6.4 மில்லி இறங்கியது என்று கொள்வோம்.

டார்டாரிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 150. ஆனால் ஒரு மூலக்கூறில் இரண்டு அமில முனைகள். இரண்டும் காரத்தோடு சமன்படும் என்பதால் 150ஐ இரண்டால் வகுத்து 75 என்று எடுக்க வேண்டும். ஒரு மில்லி காரத்துக்கு 0.0075 கிராம். 6.4 மில்லிக்கு 0.048 கிராம். நாம் எடுத்த பத்து மில்லி கரைசலில் இருந்த புளி 0.4 கிராம். ஆக, நூறு கிராம் புளியில் 12 கிராம். 12 சதவீதம், டார்டாரிக் அமிலமாக.

அதே 6.4 மில்லியை எலுமிச்சைக்கு வழங்கும் சிட்ரிக் அமிலக் கணக்கில் போட்டால் 10.2 சதவீதம் வரும். பாலின் லாக்டிக் கணக்கில் போட்டால் 14.4. புளி மாறவில்லை, காரமும் மாறவில்லை. எந்த அமிலமாகச் சொல்கிறோம் என்று எழுதாத ரிப்போர்ட்டை வைத்து இரண்டு பாட்டில் புளி பேஸ்ட்டை ஒப்பிடுவது வீண்வேலை. பேஸ்ட்டில் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பைக் கூட்டியிருந்தாலும் இந்தச் சோதனை அதை டார்டாரிக் என்றே எண்ணிக் கொடுத்துவிடும். கலப்பு அமிலத்தைப் பிரித்துப் பார்க்க வேறு கருவி வேண்டும்.

புளியின் பெரிய தொல்லை அதன் நிறம். பழுப்புக் கரைசலில் வெளிறிய ரோஜா எப்படித் தெரியும்? நூறு மில்லி தண்ணீர் சேர்த்து நீர்த்துவிட்டால் புதுப்புளிக்குச் சமாளிக்கலாம். பாலைப் போலன்றிப் புளிக்கரைசலில் தண்ணீர் கூடினால் விடை அவ்வளவாக மாறாது. இரண்டு வருடம் பானையில் கிடந்து கருத்துப்போன பழம்புளிக்கு அதுவும் பலிக்காது. சிவப்பு வருவதற்குள் பழுப்பே அடர்த்தியாகி, எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் அளவைத் தாண்டிவிடும். அப்போது சாயத்தை விட்டுவிட்டு பி.எச். மீட்டரின் மின்முனையைக் கரைசலில் நிறுத்தி, 8.1 அல்லது 8.2 காட்டும்வரை காரம் விட வேண்டும். கருத்த புளிக்குப் புளிப்பு அதிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. கருமை, சேமிப்பில் ஏற்படும் நிறமாற்றம். அதற்கும் அமில அளவுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

எடைக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் உப்புப் போட்டு அடைத்து வைத்த புளியைச் சோதித்தால், உப்பும் எடையில் சேரும். பத்து கிராமில் ஒரு கிராம் உப்பாக இருந்தால் 12 சதவீதப் புளி 10.8 காட்டும். ஈரம் ஏறினாலும் அப்படித்தான். சந்தையில் இரண்டு வியாபாரிகளின் புளியை ஒப்பிடுவதற்கு முன், நாரும் கொட்டையும் ஈரமும் எவ்வளவு என்று தனியே பார்த்தாக வேண்டும்.

விடுபட்டுப் போகும் டார்டாரிக் அமிலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது மட்டும் பாக்கி. புளியில் பொட்டாசியம் நிறைய. டார்டாரிக் அமிலத்தில் ஒரு பகுதி அந்தப் பொட்டாசியத்தோடு சேர்ந்து பொட்டாசியம் பைடார்ட்ரேட் என்ற உப்பாக இருக்கிறது. மதுப் பீப்பாயில் ஷீலே கண்ட அதே உப்பு, கேக் செய்பவர்கள் ‘கிரீம் ஆஃப் டார்டார்’ என்று வாங்கும் அதே பொடி. இந்த உப்பில் இரண்டு அமில முனைகளில் ஒன்றைப் பொட்டாசியம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. மீதி ஒன்றுதான் காரத்தோடு சேரும். ஆகவே அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தில் பாதியைத்தான் பியூரெட் பார்க்கிறது. நாம் பார்த்த 12 சதவீதப் புளியில், நூறு கிராமுக்கு 4 கிராம் டார்டாரிக் அமிலம் இப்படிக் கட்டுண்டு கிடந்தால், அதில் 2 கிராம் எண்ணிக்கைக்கு வரும், 2 கிராம் வராது. மொத்த டார்டாரிக் அமிலம் உண்மையில் 14 கிராம். பொட்டாசியத்தின் பிடியில் இருக்கும் பாதி நாக்குக்கும் புளிப்பாகத் தெரியாது என்பதால், ரசம் வைப்பவருக்கு 12 என்ற எண்ணே போதும். புளியிலிருந்து டார்டாரிக் அமிலத்தைப் பிரித்து விற்க நினைப்பவர் மட்டும் 14ஐத் தேடிப்போக வேண்டும், அதற்குப் பியூரெட் உதவாது. கரைசலில் பொட்டாசியத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்துக் குளிரவைத்து, டார்டாரிக் அமிலம் முழுவதையும் பைடார்ட்ரேட் படிகங்களாக அடியில் தங்கவைப்பார்கள். பிறகு அந்தப் படிகங்களைக் கழுவி வெந்நீரில் கரைத்து அவற்றை மட்டும் தனியாக டைட்ரேட் செய்வார்கள். அந்தக் கணக்கில் ஒரு மில்லி காரத்துக்கு 0.0075 கிராம் அல்ல, 0.015 கிராம் டார்டாரிக் அமிலம்.